குறிப்பு தமிழில், கேள்வி ஆங்கிலத்தில்

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்தும் அண்ணன் ஒருவர், போனில் வரும் விசாரணைகளுக்குப் பதில் சொல்ல ஏஐ உதவியாளர் ஒன்றை வைத்திருக்கிறார். வைத்த இரண்டாம் நாள் இப்படி ஒரு செய்தி வந்தது.

```
Room for 4 on Friday night? Hot water available?
```

உடனே பதில் போனது. நால்வர் தங்கும் அறை இருக்கிறது, வெந்நீர் காலை 5 மணி முதல் 9 மணி வரை வரும், அறையைக் காலை 11 மணிக்குள் காலி செய்ய வேண்டும். விவரத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் முழுவதும் தமிழில் இருந்தது. கேட்டவர் வடக்கிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

அண்ணன் என்னைக் கூப்பிட்டு, உதவியாளருக்காகத் தான் எழுதிய குறிப்பைக் காட்டினார். இத்தகைய உதவியாளரைத் தொடங்கும்போது, கடை எது, வாடகை என்ன, எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் ஒரு முன்குறிப்பாக எழுதிக் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர்காரர்கள் அதை சிஸ்டம் ப்ராம்ப்ட் என்பார்கள். வாடிக்கையாளர் கண்ணில் அது படாது. ஆனால் அவர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், அவர் கேள்விக்கு முன்னால் அந்தக் குறிப்பு முழுவதையும் இயந்திரம் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறது.

அண்ணனின் குறிப்பு முப்பது வரிக்கு மேல். எல்லாம் தமிழ். அதன் நடுவே ஒரு வரி:

```
நல்ல தமிழில் மரியாதையாகப் பதில் சொல்லவும்.
```

“இது எதுக்காக எழுதினீங்க அண்ணே?” என்றேன்.

“நீ, வா, போன்னு பேசிடக் கூடாதுன்னுதான் தம்பி. பெரியவங்க வருவாங்க, ‘நீங்க’ன்னு சொல்லணும்ல? இங்கிலீஷ்ல கேக்குறவங்களை நினைச்சே பாக்கல.”

சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அவர் சொல்ல வந்தது நடையைப் பற்றி. படித்த இயந்திரமோ அதை மொழியைப் பற்றிய உத்தரவாக எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டதில் தவறு சொல்லவும் முடியாது, சொற்கள் அதற்கும் இடம் கொடுக்கின்றன.

அந்த வரியே இல்லாவிட்டாலும் இது நடக்கக்கூடும். இத்தகைய மொழி மாதிரிகளில் பதில் மொழியைத் தேர்ந்தெடுக்கத் தனியாக ஒரு பொத்தான் கிடையாது. குறிப்பையும் கேள்வியையும் ஒரே நீண்ட எழுத்தாகப் படித்து, அடுத்து வரத் தகுந்த சொல்லை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போவதுதான் அவற்றின் வேலை. முப்பது வரித் தமிழுக்குப் பின்னால் எட்டுச் சொல் ஆங்கிலம் வந்தால் தமிழின் இழுப்பு பலமாக இருக்கும். நல்ல மாதிரிகள் கேட்டவர் மொழியிலேயே பதில் சொல்லப் பழக்கப்பட்டவைதான். இருந்தாலும் குறிப்பு தெளிவில்லாமல் இருந்தால் இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி பதில் வரும்.

அப்படியானால் எந்த மொழி சரி? குறிப்பு எந்த மொழியில் இருக்கிறது என்பது, எழுதியவருக்கு எந்த மொழி கைவரும் என்பதை மட்டுமே சொல்கிறது. பதிலைப் படிக்கப்போவது அவர் இல்லை, கேள்வி கேட்டவர். ஆகவே குறிப்பில் வேறு மாதிரி சொல்லாதவரை, கேட்டவரின் மொழியில்தான் பதில் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேறு மாதிரி சொல்ல நியாயமான இடமும் உண்டு. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இதே கருவியைப் பயிற்சிக்கு வைக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில்தான் கேட்கும், ஆனால் தமிழில் பதில் வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடே. அவர் ‘தமிழில் பதில் சொல்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘மாணவர் ஆங்கிலத்தில் எழுதினாலும் எளிய தமிழில் பதில் சொல்’ என்று எழுத வேண்டும். அந்த ‘எழுதினாலும்’ என்ற சொல்தான், இந்த நிலைமையை ஆசிரியர் முன்பே யோசித்துவிட்டார் என்பதற்கு அடையாளம். அண்ணன் குறிப்பில் இல்லாமல் போனது அதுதான்.

குறிப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். நாளை வாடகை மாறினால் அதைத் திருத்தப்போவது அவர். தனக்குக் கைவந்த மொழியில் இருந்தால்தான் தப்பில்லாமல் திருத்த முடியும். பழைய வரியை எடுத்துவிட்டு, குறிப்பின் கடைசியில் இதைச் சேர்த்தோம்:

```
வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்தில் பதில் சொல்.
தமிழில் எழுதினால் தமிழில் பதில் சொல்; ‘நீங்கள்’ என்றே அழை.
ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் அதுவும் தமிழ்தான்;
அதே எழுத்தில் தமிழிலேயே பதில் சொல்.
‘ok’, ‘thanks’ போன்ற ஒற்றைச் சொல்லுக்காக மொழியை மாற்றாதே.
```

மூன்றாவது விதிதான் எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது. உள்ளூர்ப் பையன்கள் எழுதுவது இப்படி:

```
anna room iruka, 4 per, friday nite
```

எழுத்தைப் பார்த்தால் ஆங்கிலம். ‘room’, ‘friday’ எல்லாம் ஆங்கிலச் சொற்களும்கூட. ஆனால் ‘iruka’, ‘per’ என்ற இரண்டும் வாக்கியத்தைத் தமிழாக்கிவிடுகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் பதில் போனால் கேட்டவருக்கு அந்நியமாக இருக்கும். தமிழ் எழுத்தில் பதில் சொல்லலாமே என்று முதலில் நினைத்தேன். பேச்சுத் தமிழ் நன்றாக வந்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் பலர் என்பதால், அவர் எழுதிய எழுத்திலேயே விட்டோம்.

மொழி சரியானதும் வேறொன்று தெரிந்தது. குறிப்பில் ‘சைவ உணவு மட்டும்’ என்பதற்குப் பதிலாக அண்ணன் ‘சைவம் மட்டும்’ என்று எழுதியிருந்தார். நமக்கு அது சாப்பாடு. ஆங்கிலப் பதிலில் ஒருமுறை அது சிவனை வழிபடுகிறவர்களுக்கு மட்டும் அறை என்ற பொருளில் வந்து நின்றது. கோயில் ஊர் வேறு, நம்பும்படியாகவே இருந்தது! குறிப்பு ஒரு மொழியிலும் பதில் இன்னொரு மொழியிலும் இருக்கும்போது இயந்திரம் உள்ளுக்குள் மொழிபெயர்ப்பும் செய்கிறது. ஆகவே இரண்டு பொருள் தரும் சொற்களையும் பாதியில் நிற்கும் சொற்றொடர்களையும் விரித்து எழுத வேண்டியிருக்கிறது. ‘எட்டரைக்கு மேல் டிபன் இல்லை’ என்பதை ‘காலை 8:30 மணிக்குப் பிறகு காலை உணவு கிடைக்காது’ என்று மாற்றினோம். அட்வான்ஸ் திருப்பித் தரும் விதியையும் அப்படியே நீட்டினோம். 22 தீர்த்தங்களிலும் நீராடப் போகும் யாத்திரிகர்கள் ஈரத்துணி காயப்போடும் இடத்தைக் கேட்பார்கள் என்பதால், ‘மொட்டைமாடி’ என்ற சொல்லுக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்திலேயே எழுதி வைத்தோம்.

பிறகு அண்ணன் மகளும் நானும் ஐந்து செய்திகளை அனுப்பிப் பார்த்தோம். சுத்த ஆங்கிலம், சுத்தத் தமிழ், ஆங்கில எழுத்துத் தமிழ், ஆங்கில உரையாடல் நடுவே ஒரு ‘சரி’, கடைசியாக லாட்ஜ் வாசல் தமிழ்ப் பலகையின் வரிகளை அப்படியே ஒட்டி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. முதல் நான்கும் சரியாக வந்தன. ஐந்தாவதற்குத் தமிழில் பதில் வந்தது. ஒட்டிய தமிழ் நீளமாகவும் கேள்வி சின்னதாகவும் இருந்ததுதான் காரணம். ‘ஒட்டிய வரிகளின் மொழியைப் பார்க்காதே, கேள்வியின் மொழியைப் பார்’ என்று இன்னொரு வரி சேர்த்த பிறகு அதுவும் சரியானது.

இந்தியில் வரும் கேள்விகளை என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி இருந்தது. இயந்திரம் இந்தியிலும் எழுதும், ஆனால் எழுதியது சரியா என்று பார்க்க லாட்ஜில் ஆள் இல்லை. அதனால் இந்திக்கு இரண்டே வரி, அறை விவரங்களுக்கு அழைக்கச் சொல்லி அண்ணனின் போன் எண்ணோடு, என்று முடிவு செய்தோம். ஆங்கிலப் பதில்களை ஞாயிறு மாலைதோறும் மகள் உட்கார்ந்து படித்துப் பார்க்கிறாள்.