ஏனுங்ணா, சேவூர் பஸ் இங்க நிக்குங்களா?

முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட ஆங்கிலத்தில் 'எக்ஸ்கியூஸ் மீ' இருக்கிறது, தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். 'மன்னிக்கவும்' என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். பஸ் ஸ்டாண்டில் அதைச் சொல்லி யாரையும் திரும்பிப் பார்க்க வைக்க முடியாது. ஆனால் அவிநாசியில் நின்று இந்தக் குறையைச் சொல்வது பொருந்தாது. அங்கே சேவூர் பஸ்ஸுக்கு வழி கேட்பவர் 'ஏனுங்க' என்கிறார், அல்லது 'ஏனுங்ணா' என்கிறார். ஆங்கிலச் சொல் செய்வதை இதுவும் செய்கிறது. ஆங்கிலச் சொல் செய்யாத ஒன்றையும் சேர்த்துச் செய்கிறது என்பதே என் வாதம்.

முதலில், கூப்பிடுவது என்றால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், காவல்துறைக்கு வந்த சுமார் 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கங்களை மட்டும் ஆராய்ந்து 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழைப்பும் அதற்கு வரும் பதிலும் ஒரு ஜோடி என்பது அவர் கண்டது. கூப்பிட்டால் பதில் வரவேண்டும். வராவிட்டால் அந்த மௌனமே ஒரு செய்தியாகிவிடும், கேட்கவில்லை என்றோ கோபம் என்றோ எடுத்துக்கொள்வோம். பதில் வந்த பிறகு கூப்பிட்டவர் சும்மா இருக்கவும் முடியாது. எதற்குக் கூப்பிட்டார் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லியாக வேண்டும். ஆக, கூப்பிடும் சொல் ஒருவர் மேல் சுமத்தும் சின்னக் கடன்; கூப்பிட்டவரும் உடனே கடன்பட்டுவிடுகிறார். இந்தச் சுமையை எப்படி இதமாக இறக்கி வைப்பது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. ஆங்கிலமும், 'சுமிமாசென்' என்று அழைக்கும் ஜப்பானிய மொழியும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுகின்றன. இந்தியில் 'பையா' என்பவரும் சென்னையில் 'அண்ணே' என்பவரும் எதிராளியை உறவாக்கிக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டிய ஆய்வுக்குக் கொங்கு மண்ணோடு நேரடித் தொடர்பு உள்ளது. பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் எழுதிய மரியாதைக் கோட்பாடு, 1987இல் தனி நூலாக வந்து, இன்றும் மொழியியலில் இந்தத் துறையின் அடிப்படை நூலாக இருக்கிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தமிழ். எல்லோருக்கும் 'முகம்' என்று ஒன்று உண்டு என்கிறார்கள் அவர்கள். 'முகம் கொடுத்துப் பேசு', 'முகத்தை முறிக்காதே' என்று சொல்லும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்த முகத்துக்கு இரண்டு ஆசைகள்: தன்னை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ஒன்று, தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. மன்னிப்பு முதல் ஆசையைக் காக்கிறது, உறவுப்பெயர் இரண்டாவதை.

இப்போது 'ஏனுங்ணா'வைப் பிரித்துப் பாருங்கள். 'ஏன்' ஒரு கேள்விச்சொல். பதிலை எதிர்பார்ப்பது கேள்வியின் இயல்பு. ஷெக்லாஃப் சொன்ன அந்த ஜோடியின் முதல் பாதிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. அடுத்து 'ங்க'. 'வாங்க', 'சொல்லுங்க' என்பவற்றில் வரும் அதே பன்மை மரியாதைதான். ஆனால் கொங்குத் தமிழில் அது வினையோடு நிற்காமல் எதன் மேலும் ஏறி உட்காரும்: 'ஆமாங்க', 'எங்கீங்க', 'நானுங்க'. பேசப்படும் பொருளுக்கு அது மரியாதை தரவில்லை, கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தருகிறது. அதனால் 'பஸ் வந்துருச்சுங்க' என்றால் மரியாதை பஸ்ஸுக்கு இல்லை. கடைசியில் தேய்ந்து ஒட்டியிருப்பது 'அண்ணா'. ஆக, ஒரே மூச்சில் கேள்வி, பிறகு விலகி நிற்கும் மரியாதை, பிறகு நெருங்கி வரும் உறவு. கோட்பாடு தனித்தனியாக வைத்த இரண்டு வழிகளும் இங்கே ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. கொரிய மொழியில் தெரியாதவரை அழைக்கும் 'ஜோகியோ'வும் இதே கட்டமைப்புதான்: 'அங்கே' என்னும் சொல்லின் மேல் 'யோ' என்ற மரியாதை விகுதி. ஆனால் அதில் உறவு சேரவில்லை.

இந்தியில் 'பாய் சாஹப்' இருக்கிறதே, அதிலும் உறவும் மரியாதையும் சேர்ந்துதானே இருக்கின்றன என்று கேட்கலாம். உண்மைதான். வேறுபாடு அதற்குப் பின் வருவதில் இருக்கிறது. 'சாஹப்' அழைப்போடு முடிந்துவிடும். 'ங்க' உரையாடல் முழுக்கக் கூடவே வரும். 'ஏனுங்ணா' என்று அழைத்ததும் 'சொல்லுங்க' என்று பதில் வருகிறது; 'சேவூர் பஸ் இங்க நிக்குங்களா?' 'அந்தப் பக்கமுங்க.' 'சரிங்ணா.' அழைப்பு இங்கே சுருதிப்பெட்டி மாதிரி. எந்தச் சுருதியில் பேசப்போகிறோம் என்பதை முதல் ஓசையே வைத்துவிடுகிறது. பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். 'ஏனுங்ணா' என்பதற்கு வெறும் 'என்ன?' என்று பதில் வந்தால், மரியாதை போன பக்கத்திலிருந்து திரும்பி வரவில்லை என்பது கேட்டவருக்கு உறைக்கும்.

மனைவி கணவனை 'ஏனுங்க' என்றுதானே கூப்பிடுகிறாள், அதை எப்படி வழியில் போகிறவரிடம் சொல்வது என்பதும் கொங்குக்கு வெளியே இருப்பவர்களின் தயக்கம். இரண்டு இடத்திலும் சொல் செய்யும் வேலை ஒன்றே. கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கம் அங்கே. பெயரே தெரியாது என்பது இங்கே. பெயர் இல்லாமல் அழைக்க வேண்டிய எந்த இடத்திலும் இது நிற்கும். தொல்காப்பியம் விளிமரபு என்று ஓர் இயலையே ஒதுக்கி, பெயர்கள் அழைப்பில் எப்படித் திரியும், தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை எப்படி நீளும் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் பெயரே அல்லாத 'அம்ம' என்ற இடைச்சொல்லுக்குக் கேட்கச் செய்யும் வேலை உண்டு என்பதையும் அதே நூல் இடையியலில் சொல்லிவைத்திருக்கிறது. 'ஏனுங்க' அந்த இனத்தைச் சேர்ந்தது. தூரத்தில் நிற்பவரை அழைக்க அது 'ஏனுங்கோ' என்று நீள்வதும் அந்தப் பழைய விதியை நினைவூட்டுகிறது.

கடினமான மறுப்பு சாதி பற்றியது. கொங்கின் 'ங்க' எல்லோருக்கும் சமமாகப் பாய்ந்த மரியாதை இல்லை. யார் யாரை 'நீ' என்கிறார், யார் யாருக்கு 'நீங்க' தருகிறார் என்பதைக் கொண்டே ஒரு கிராமத்தின் சாதி வரிசை வெளிப்படுவதை லெவின்சன் காட்டியிருக்கிறார். மேல்நோக்கிப் போன மரியாதை கீழ்நோக்கித் திரும்பவில்லை. வயதில் மூத்தவரையும் ஒருமையில் அழைத்த வழக்கம் அது. இதை மறைத்துவிட்டு கொங்குத் தமிழின் இனிமையைப் பாடுவது நேர்மை ஆகாது. என்றாலும், அந்த ஏற்றத்தாழ்வுக்கு எதிராளி யார் என்று தெரிந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அது தெரியாது. உடையையும் வயதையும் பார்த்து ஊகிப்பவர்கள் இருப்பார்கள்தான். ஆனால் தெரியாத இருவர் பேசும்போது 'ங்க' இரண்டு பக்கமும் போவதே வழக்கம். கிராமத்தில் தரவரிசையைக் காட்டிய அதே விகுதி அவிநாசி பஸ் ஸ்டாண்டில் சரிசமமாகப் பரிமாறப்படுகிறது.

உறவுப்பெயருக்கும் ஓர் இடர் உண்டு: வயதை ஊகித்தாக வேண்டும். 'அக்கா' என்றால் சிலர் முகம் சுருங்கும், 'அம்மா' என்றால் இன்னும் சுருங்கும். அப்போது உறவை உதிர்த்துவிட்டு 'ஏனுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வயதும் வேண்டாம், ஆணா பெண்ணா என்பதும் வேண்டாம். திருப்பூர் வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளிக்கு 'பையா'வின் இடத்தில் 'அண்ணா'வை வைப்பது எளிது, ஒரு சொல்லை மாற்றினால் போதும். 'ங்க'வை எதன் மேல், எங்கே ஏற்றுவது என்பது பிடிபட நாளாகும். 'அண்ணா, பஸ் எங்க?' என்று கேட்டவர் ஒருநாள் 'ஏனுங்ணா, பஸ் எங்கீங்க?' என்று கேட்டால், அவருக்குக் கொங்குத் தமிழ் வந்துவிட்டது.