மூன்று கட்டை இருக்கு: விறகா, தூரமா?

மானிப்பாயைத் தாண்டியதும் வழி கேட்டால், “சங்கானைக்கு இன்னும் மூண்டு கட்டை இருக்கு” என்பார் பெரியவர் ஒருவர். அவர் வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல்: “அடுப்படியில இன்னும் மூண்டு கட்டை இருக்கு.” இரண்டிலும் அதே எண், அதே கட்டை, அதே வினை. ஆனாலும் முதலாவது தூரம், இரண்டாவது விறகு என்பதில் யாழ்ப்பாணத்தாருக்குச் சந்தேகமே வராது.

தெருவோரத்து மைல் கட்டையே ஈழத்தில் மைலுக்குப் பெயராகிவிட்டது. இங்கே பொருளைப் பிரித்துத் தருவது வினை அல்ல, முன்னால் நிற்கும் ஊர்ப்பெயரும் அதன் ‘கு’ உருபும்தான். அடுப்படியோடு வரும் ‘இல்’ இடத்தைக் காட்டுகிறது. விறகு அங்கே கிடக்கலாம், மைல் கிடக்காது. கச்சேரியில் ஒருவர் ஐந்து கட்டையில் பாடினால் அது சுருதி.

இப்படிப் பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளைத் தெளியத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் மூன்று துப்புகள் சொல்கிறார்: வினை, இனம், சார்பு. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. ‘மா விழுந்தது’ என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். அப்படிப்பட்ட இடத்தில் எதைக் குறிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் விதி. யாழ்ப்பாணத்தில் மூன்றாவதாக ஒரு மாவும் உண்டு: பிட்டு அவிக்கும் மா.

கேட்பவர் மனம் சரியான பொருளை மட்டுமா தொடுகிறது? இல்லை என்று 1979இல் காட்டினார் உளவியலாளர் டேவிட் சுவின்னி. பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி என்று இரு பொருள் கொண்ட ஆங்கிலச் சொல் ஒன்றைக் கதைக்குள் வைத்து ஒலிக்கவிட்டார். அது காதில் விழுந்த கணத்தில் திரையில் ஒரு சொல் தோன்றும். அது உண்மைச் சொல்லா இல்லையா என்று கேட்பவர் உடனே சொல்ல வேண்டும். கதை பூச்சியைப் பற்றியதாக இருந்தும், ‘எறும்பு’ போலவே ‘ஒற்றன்’ என்பதற்கும் விடை விரைவாக வந்தது. மூன்று அசை கழித்துக் கேட்டபோது எறும்புக்கு மட்டுமே அந்த வேகம். ஆக, இரண்டு பொருளும் எழுகின்றன. பொருந்தாதது சட்டென்று அடங்கிவிடுகிறது.

அடங்க மறுக்கும் இடங்களும் உண்டு. “அம்மா என்னைப் பேசினா” என்றால் யாழ்ப்பாணத்தில் திட்டினார் என்று பொருள். ‘ஐ’ உருபே அதைச் சொல்லிவிடுகிறது. “என்னோட பேசினா” என்றால் வெறும் உரையாடல், அதற்குக்கூடக் ‘கதைச்சா’ என்பதே வழக்கம். உருபு விழுந்து “அம்மா பேசினா” என்று மட்டும் நின்றால் யாழ்ப்பாணத்தார் மனம் ஏச்சின் பக்கமே சாயும், சென்னை வாசகர் உரையாடல் என்றே படிப்பார். “அவருக்குக் கோல் எடுத்தேன்” என்றால் ஈழத்தில் அழைத்தேன். ‘அவருக்கு’ போய்விட்டால், அழைப்பை ஏற்றேன் என்றே தமிழ்நாட்டார் நினைப்பார்.

இரு கரைக்கும் எழுதுகிறவர்கள் அந்த ஒரு உருபை விட்டுவிடாதீர்கள். அதுவும் முடியாவிட்டால், ‘ஏசினார்’ என்றே எழுதிவிடலாம்.