கட்டியைச் சுடுவதா, அதற்குப் போகும் ரத்தத்தை அடைப்பதா?

சிரோசிஸால் கல்லீரல் தழும்பேறிப்போன 62 வயதுக்காரர் ஒருவருக்கு, ஸ்கேனில் இரண்டரை சென்டிமீட்டர் புற்றுக்கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டி எடுத்துவிடலாமே என்றுதான் வீட்டார் முதலில் கேட்பார்கள். வெட்டிய பிறகு மிஞ்சும் கல்லீரலால் உடலைத் தாங்க முடியுமா என்பதுதான் மருத்துவரின் கவலை. தாங்காது என்று தோன்றினால், கட்டியை இருந்த இடத்திலேயே சுட்டுவிடுவது நல்ல வழி.

ஸ்கேனில் பார்த்தபடியே தோல் வழியாகக் கட்டிக்குள் ஊசியைச் செலுத்துகிறார்கள். ரேடியோ அலையோ மைக்ரோவேவோ அதன் நுனியைச் சுற்றி வெப்பத்தை உண்டாக்கும். 60 டிகிரியைத் தாண்டினால் செல்கள் உடனடியாக மடிந்துவிடும். ஆனால் கட்டியை மட்டும் சுட்டால் போதாது. விளிம்புக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத புற்றுச் செல்கள் இருக்கலாம். எனவே சுற்றிலும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர்வரை சேர்த்தே சுட வேண்டும். இவருடைய கட்டிக்கு மூன்றரை சென்டிமீட்டர் உருண்டையாவது வெந்தாக வேண்டும். கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் பலன் நன்றாக இருக்கும் என்று சொல்வது இதனால்தான்.

கட்டி எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால், ஓடும் ரத்தம் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். குழாயை ஒட்டிய ஓரம் வேகாமல் தப்பி, பின்னால் அங்கிருந்தே மறுபடி வளரும். மைக்ரோவேவில் இந்தத் தொல்லை குறைவு. குடல் ஒட்டிக்கொண்டிருந்தால், அது சுட்டு ஓட்டை விழாதிருக்க இடையில் டெக்ஸ்ட்ரோஸ் நீரைச் செலுத்தி விலக்கி வைப்பார்கள்.

கட்டி ஐந்து சென்டிமீட்டராகவோ, பல கட்டிகளாகவோ இருந்தால் கதை வேறு. கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகக் கிடைக்கிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. அந்தத் தமனிக் கிளையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பிழைத்துக்கொள்ளும். தொடையிடுக்கு அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயை அங்கே கொண்டுபோய், டாக்சோரூபிசின் மருந்து ஏற்றிய, மணலைப் போன்ற நுண்மணிகளை விடுகிறார்கள். அவை குழாயை அடைத்துக்கொண்டு மருந்தை மெல்லக் கசியவிடும். மருந்தை எண்ணெயில் கலந்து செலுத்தும் பழைய முறையைவிட இது ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. அதனால் மணிகள்தான் வேண்டும் என்று குடும்பத்தார் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

போர்ட்டல் சிரையின் பிரதானக் குழாயையே புற்று அடைத்திருந்தால் தமனியையும் அடைப்பது பெரும் ஆபத்து, கல்லீரலே செத்துப்போகக்கூடும். மஞ்சள் காமாலை ஏறியிருந்தாலும், வயிற்றில் நீர் கோத்திருந்தாலும் பெரும்பாலும் தயங்குவார்கள். அடைத்த பிறகு சில நாள் வலியும் காய்ச்சலும் வருவது இயல்புதான். தணிந்த காய்ச்சல் குளிரோடு திரும்பினால் சீழ் கட்டியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு மாதம் போல் கழித்து, சாய மருந்து செலுத்தி மீண்டும் ஸ்கேன் எடுப்பார்கள். சுட்ட இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அப்படித்தான் தெரிய வேண்டும். தமனிச் சாயத்தை ஏற்று எந்தப் பகுதியாவது பளிச்சிட்டால் அங்கே உயிருள்ள புற்று மிச்சமிருக்கிறது, மறுபடி சிகிச்சை தேவைப்படும். எங்கும் பளிச்சிடாவிட்டாலும், சிரோசிஸ் கல்லீரலில் வேறிடத்தில் புதுக்கட்டி முளைக்கலாம் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தொடரும்.