கிஃப்ட் கார்டு: எப்போது அக்கறை, எப்போது ஒப்பேற்றல்?

மொய்க் கவரில் பணம் வைத்துக் கொடுப்பதை நம் ஊரில் யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஐநூற்றொன்றோ ஆயிரத்தொன்றோ வைத்து, மேலே பேரும் ஊரும் எழுதிக் கொடுத்தால் அதுவே முறை. ஆகவே கிஃப்ட் கார்டோ வவுச்சரோ வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இதே தொகையைக் கவரில் வைத்துவிட்டால் என்ன?

பணத்தை எங்கும் செலவழிக்கலாம். கார்டு அதை ஒரு கடைக்குள் கட்டிப்போடுகிறது. அப்படிக் கட்டிப்போட்டதற்கு ஒரு காரணம் இருந்தால்தான் வாங்குபவருக்கு அது அக்கறையாகத் தெரியும். இல்லையென்றால், செலவழிக்கச் சிரமமான பணம், அவ்வளவுதான்.

பொருளாகவே வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தங்களுக்கு வந்த பரிசுகளைக் கல்லூரி மாணவர்கள் அவற்றின் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைவாகவே மதித்தார்கள். நண்பர்கள் கொடுத்தவற்றில் இந்த இழப்பு குறைவு. தாத்தா பாட்டி, அத்தை மாமா கொடுத்தவற்றில் அதிகம். பொருளுக்குப் பதில் பணமாகக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் இந்த உறவினர்கள்தான். அன்பு உண்டு, ஆனால் ரசனையோ அளவோ தெரியாது. கார்டுக்கு உரிய இடம் இதுதான்: அவருக்கு என்ன வகைப் பொருள் வேண்டும் என்பது தெரியும், அதில் எது என்பது தெரியாது.

ஓர் உதாரணம். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்க வருபவர்கள் எல்லோரும் பிறந்த குழந்தைக்கான சட்டையையே கொண்டுவருவார்கள். பாதியைப் போடுவதற்குள் சிறிதாகிவிடும். ஆயிரத்து ஐநூறு ரூபாயைக் கையில் கொடுத்தால் அது பாலுக்கும் கேஸுக்கும் போய்விடும். இங்கே குழந்தைகள் துணிக்கடை வவுச்சர் பொருந்துகிறது. கூடவே ஒரு சீட்டு: “இப்ப வர்ற சட்டையெல்லாம் மூணு மாசத்துல பத்தாமப் போயிடும். பாப்பா தவழ ஆரம்பிச்சதும் இதுல எடுத்துக்கோ கண்ணு. சித்தி.” அந்த இரண்டு வரிதான் வவுச்சரைப் பரிசாக்குகிறது.

அதே சித்தி நகைக்கடையில் ஐநூறு ரூபாய் வவுச்சர் வாங்கியிருந்தால்? தங்கம் விற்கிற விலைக்கு அதை வைத்து ஒரு மூக்குத்திகூட எடுக்க முடியாது. அதைப் பயன்படுத்த அவள் கைக்காசைப் போட வேண்டும். எல்லோருக்கும் ஒரே தொகையில் ஆன்லைன் கடைக் கார்டு வாங்கி, ஒரு வார்த்தைகூட எழுதாமல் வாட்ஸ்அப்பில் கோடை மட்டும் தட்டிவிடுவதும் இப்படித்தான். கடமைக்கு அனுப்பியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தொகையை எப்படி முடிவு செய்வது? முதலில் அந்தக் கடையில் அவர் எடுக்கக்கூடிய ஒரு பொருளை மனதில் வைத்து விலையைப் பாருங்கள். ஆன்லைன் என்றால் டெலிவரி கட்டணத்தையும் சேருங்கள். அந்த மொத்தத்துக்கு மேல் கார்டு இருக்கட்டும். பல கடை வவுச்சர்களை ஒரே பில்லில்தான் பயன்படுத்த முடியும். மீதி திரும்பக் கிடைக்காது. ஆயிரத்து ஐநூறு ரூபாய் வவுச்சருக்கு ஆயிரத்து முந்நூறுக்கு வாங்கினால் இருநூறு போச்சு. அப்படிப்பட்ட கடையில் ஐநூறு ரூபாய் வவுச்சர் மூன்றாகக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

யார் வெளியிட்ட கார்டு என்பதையும் கவனியுங்கள். பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2021-ல் தொகுத்து வெளியிட்ட விதிகள் உண்டு: அதிகபட்சம் 10,000 ரூபாய், மறுபடி பணம் ஏற்ற முடியாது, ரொக்கமாக மாற்ற முடியாது, குறைந்தது ஓராண்டு செல்ல வேண்டும். ஒரு கடை தன் பொருளுக்கு மட்டும் கொடுக்கும் வவுச்சர் இந்த விதிகளுக்குள் வராது. அதன் பின்பக்கத்தில் கடை அச்சடித்திருப்பதுதான் சட்டம்: ஆறு மாதத்தில் காலாவதியாகலாம், தள்ளுபடி விற்பனையில் செல்லாமல் போகலாம், வாங்கிய கிளையில் மட்டுமே எடுக்கலாம். நீங்கள் சென்னையில் வாங்கி அவள் தென்காசியில் இருந்தால், அங்கே கிளை இருக்கிறதா, அந்த வவுச்சரை ஏற்பார்களா என்று கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

கார்டு வாங்கும்போது பில் போட்ட பிறகுதான் அது செயல்படத் தொடங்கும். அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள். கார்டு எண்ணும் பின் நம்பரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்பதால் குடும்ப குரூப்பில் படமாகப் போடாதீர்கள். கவரின் மேல் காலாவதி தேதியைப் பெரிதாக எழுதுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால், “பாப்பாவுக்குச் சட்டை எடுத்தாச்சா?” என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.