ஷோரூம் வாடகைக்கு: விளம்பரத்தில் எந்த அளவைச் சொல்வது?

‘தரைத்தளம், 1,500 சதுர அடி, மெயின் ரோடு’ என்று மட்டும் விளம்பரம் கொடுத்தால் துணிக்கடைக்காரரும் வருவார், குடோன் தேடுபவரும் வருவார். கடைக்காரர் முதலில் கேட்பது முகப்பு அகலத்தைத்தான். 30 அடி முகப்பும் 50 அடி ஆழமும் கொண்ட இடமும், 15 அடி முகப்பும் 100 அடி ஆழமும் கொண்ட இடமும் பரப்பில் ஒன்றே. ஆனால் முதல் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இரு மடங்கு சரக்கைச் சாலைக்குக் காட்டலாம். நடுவில் தூண் இருந்தால் அதன் அகலத்தைக் கழித்தே எழுதுங்கள்.

உயரத்தில்தான் தகராறு அதிகம். தளம் வரை 12 அடி என்பார்கள். பீம் ஒன்றரை அடி இறங்கும். அதன் கீழே ஏசி குழாயும் ஃபால்ஸ் சீலிங்கும் ஓரடி. மிச்சம் ஒன்பதரை அடி. பீமுக்குக் கீழே டேப் பிடித்து அளந்த கணக்கையே கொடுங்கள்.

போர்டுக்கு ஷட்டருக்கு மேல் எத்தனை அடி, மாடிக் குடித்தனக்காரர் சம்மதமா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். சாலையோரத்தை உங்கள் பார்க்கிங்காகக் காட்டாதீர்கள்.