கயிறு யார் கையில், பொறுப்பு யார் மேல்?

கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில், நாயைக் காலையும் மாலையும் வெளியே கூட்டிப் போகவும் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேடுகிறார்கள். முதல் அதிகம் தேவையில்லை என்பதால் பலர் இந்த வேலையில் இறங்க நினைக்கிறார்கள். ஆனால் இதில் பொறுப்பு பெரிது.

2024 மே மாதம், சென்னை நுங்கம்பாக்கத்து மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அப்போது அந்த நாய்களைக் கூலிக்கு ஒருவர் கூட்டி வந்திருந்தால், அவரும் விசாரணையிலிருந்து தப்பியிருக்க முடியாது. இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, விலங்கைத் தன் வசம் வைத்திருந்து, அதனால் மனிதருக்கு ஆபத்து நேராமல் தடுக்கத் தவறியவரைத் தண்டிக்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கயிற்றைப் பிடித்திருக்கும் வரை நாய் உங்கள் வசம்தான்.

உதாரணத்துக்கு, நீங்கள் கூட்டிப்போன நாய் லிஃப்ட் வாசலில் காவலாளியின் கையைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாயைக் கட்டிவிட்டு, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. உடனே கோவை அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். நாயை 10 நாள் கவனிக்க வேண்டும். ஆனால் அதுவரை காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, செலவு யாருடையது என்ற கேள்வி எழும். இதை வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நாய் இதற்கு முன் யாரையாவது கடித்திருக்கிறதா, எதைக் கண்டால் பாயும், ரேபிஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார்கள் என்பதை உரிமையாளர் அதில் எழுதித் தர வேண்டும். கடிக்கும் என்று தெரிந்தும் மறைத்திருந்தால், இழப்பீடு கேட்க அந்தக் காகிதம் உங்களுக்குச் சான்றாகும். ஆனால் குற்றப் பொறுப்பை எந்த ஒப்பந்தமும் மாற்றிவிடாது. உரிமையாளரின் செல்லப்பிராணிக் காப்பீட்டில் மூன்றாம் நபர் இழப்பீடு உண்டா, நாய் உங்கள் கையில் இருக்கும்போதும் அது செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்யவோ, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவோ முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வெளியிலிருந்து வரும் உங்களிடம் சங்கம் அடையாளச் சான்று கேட்கலாம். அதைக் கொடுத்துவிடுவதே நல்லது.

ஒரு நேரத்தில் ஒரு வீட்டு நாயை மட்டும் கூட்டிப் போங்கள். வருமானம் குறையும். ஆனால் தெருநாய்கள் சூழ்ந்தால் இரண்டு கயிறுகளை ஒருவர் அடக்க முடியாது. பிடித்து நிறுத்த உங்களுக்குப் பலம் போதாத நாயை, எவ்வளவு கூலி தந்தாலும் ஏற்காதீர்கள்.