ஆறு இன்னிங்ஸில் ஆட்டக்காரரை அளப்பது எங்ஙனம்?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால், துடுப்பாட்டம் மழைக்கு இடம் கொடுத்து ஒதுங்க வேண்டியதுதான். பருவமொன்றில் ஒரு மாணவனுக்கு ஐந்தாறு இன்னிங்ஸே ஆடக் கிடைக்குமாயின், மாவட்ட அணியைத் தெரிவுசெய்வோர் அந்த ஐந்தாறு எண்களை வைத்தே அவனுடைய ஆற்றலை மதிப்பிட வேண்டியவராகின்றனர். அம்மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்?

இலங்கையின் மாவன் அத்தபத்து 1990 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு எதிராகத் தம் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடினார். இரு இன்னிங்ஸிலும் பூச்சியம். 1992 இல் பூச்சியமும் ஒன்றும். 1994 இல் மீண்டும் இரு பூச்சியங்கள். ஆறு இன்னிங்ஸில் அவர் பெற்றது ஒரே ஓர் ஓட்டம். ஆயினும் அவர் ஓய்வு பெற்றபோது டெஸ்ட் அரங்கில் 5,502 ஓட்டங்களைக் குவித்திருந்தார்; சராசரி 39.

இதற்கு நேர்மாறானவர் இந்தியாவின் வினோத் காம்ப்ளி. 1993 இல் ஆடிய முதல் ஏழு போட்டிகளில் அவர் 793 ஓட்டங்கள் பெற்றார். ஏழு முறையே ஆட்டமிழந்தார். சராசரி 113. ஆனால் அதன் பின்னர் 13 முறை ஆட்டமிழந்து அவர் சேர்த்தது 291 ஓட்டங்களே. அச்சராசரி 22.

முதற் சில இன்னிங்ஸ் இவ்விருவரைப் பற்றியும் தவறான செய்தியையே தந்தன. காரணம் எளிது. நல்ல ஆட்டக்காரரும் ஒருநாள் முதற் பந்திலேயே வீழ்வார். மறுநாள் நூறு அடிப்பார். இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் தோன்றும் இந்த ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. ஒரு நல்ல வீரருக்கும் மற்றொரு நல்ல வீரருக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடோ சிறிது.

படிநிலை மாதிரி எனப்படும் புள்ளியியல் முறை இவ்விரு வேறுபாடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. ஒருவரை மதிப்பிட அவருடைய எண்களை மட்டுமன்றி, அவரையொத்த மற்றெல்லாருடைய எண்களையும் அது துணைக்கொள்கிறது. விளக்கத்திற்காக, டெஸ்ட் முன்வரிசை வீரர்களின் பொதுச் சராசரி 36 என்று கொள்வோம். ஒருவருடைய இன்னிங்ஸ்களிடையே உள்ள சிதறலும் 36; வீரர்களின் உண்மைச் சராசரிகளுக்கிடையே உள்ள சிதறல் 9. முன்னது பின்னதைப் போல நான்கு மடங்கு. நான்கின் வர்க்கம் 16.

இந்தப் பதினாறுதான் கணக்கின் திறவுகோல். ஒவ்வொரு வீரரும் 36 ஓட்டச் சராசரியில் முன்னமே 16 முறை ஆட்டமிழந்தவர் என்று பாவித்து, 576 ஓட்டங்களை அவர் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அத்தபத்துவின் ஓர் ஓட்டத்தோடு இது 577 ஆகிறது. அதை 22 ஆல் வகுக்க, 26 கிடைக்கும். காம்ப்ளிக்கு 793 உம் 576 உம் சேர்ந்து 1,369. அதை 23 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 60. இரண்டுமே முற்றிலும் சரியல்ல. ஆனால் பூச்சியத்தையும் 113 ஐயும்விட, பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு இவை எவ்வளவோ அருகில் நிற்கின்றன. இன்னிங்ஸ் பெருகப் பெருக அந்தப் பதினாறின் பங்கு தானே குறைந்து, வீரருடைய சொந்த எண்களே ஓங்கி நிற்கும்.

இருவரை மட்டும் கண்டு ஒரு முறையை ஏற்கலாகாது. எஃப்ரோன், மோரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் இருவர், 1970 ஆம் ஆண்டின் பேஸ்போல் ஆட்டக்காரர் 18 பேருக்கு, ஒவ்வொருவரும் முதலில் அடித்தாடிய 45 வாய்ப்புகளைக் கொண்டு இத்தகைய கணக்கைச் செய்தனர். பருவத்தின் எஞ்சிய பகுதியோடு ஒப்பிட்டபோது, பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை, தனித்தனிச் சராசரிகளை நம்பியிருந்தால் வந்திருக்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கிலும் குறைந்தது. சோதனை முறையும் இதுவே: முற்பாதியைக் கொண்டு மதிப்பிட்டு, பிற்பாதியைக் கொண்டு சரிபார்த்தல்.

இம்முறை பிழைப்பது பெரும்பாலும் கூட்டத்தைத் தேர்வதில்தான். பதினோராவதாக ஆடவரும் பந்துவீச்சாளரை முன்வரிசையினரோடு சேர்த்தால், அவருக்குத் தகாத உயர்வு கிட்டும். திருகோணமலை மாணவனுக்கு டெஸ்ட் வீரரின் 36 பொருந்தாது. அதே தரப் பந்துவீச்சை, அதே வயதில், அதே வரிசையில் எதிர்கொண்ட மாணவர்களின் எண்களே வேண்டும். அவர்களுக்குரிய பொதுச் சராசரியையும் அந்தப் பதினாறுக்கு ஈடான எண்ணையும் பழைய புள்ளிப் புத்தகங்களிலிருந்துதான் கணித்தறிய வேண்டும். அப்புத்தகங்கள் பேணப்படாத இடத்தில், ஐந்து முறை தவறிய மாணவனுக்காகப் பேசக்கூடிய சான்று எதுவும் எஞ்சுவதில்லை.